கேபிளை ஓட்டும் பின்னூட்டப் பெருக்கி: கெயின் மார்ஜினும் ஃபேஸ் மார்ஜினும் காட்டும் வழி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், நெல் ஏற்றிய லாரிகளை எடை போடும் அரிசி ஆலை ஒன்றில் இந்தக் கேள்வி எழுந்தது. எடைமேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்களின் மில்லிவோல்ட் சிக்னல், ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளேயே பெருக்கப்பட்டு, பூஜ்யம் முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக 100 மீட்டர் ஷீல்டு கேபிள் வழியே எழுத்தர் அறையிலுள்ள இண்டிகேட்டருக்குப் போகிறது. அங்கே எண் நிலைகொள்ளாமல் ஆடியது. ஆலை மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போதும், இடவப்பாதி மழையில் தரைக்கடியிலுள்ள குழாயில் தண்ணீர் நிறைந்துவிடும்போதும் ஆட்டம் கூடியது. கடைசிக் கட்டமாக இருந்த பஃபர் பெருக்கியின் வளைய ஆதாயத்தை அளந்து, அதிர்வெண் வரைபடமாக எடுத்துப் பார்த்தார்கள். வரைபடத்தைப் படித்த இளைஞர் கேட்ட கேள்வி நியாயமானது: “அண்ணா, கெயின் மார்ஜின் 10 டெசிபெல் இருக்கிறது. 6 இருந்தாலே போதும் என்றுதானே படித்தோம். பிறகு ஏன் ஆடுகிறது?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதும், பெருக்கியை நிலைப்படுத்த முன்வைக்கப்பட்ட மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதே வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்வதும் இக்கட்டுரையின் வேலை.

முதலில் வரைபடம்

எந்த வரைபடத்தைப் படிக்கிறோம் என்பதிலேயே பலர் வழுக்குகிறார்கள். தரவுத்தாளில் அச்சிட்டிருப்பது ஆப்-ஆம்ப்பின் திறந்த ஆதாயம். அதன் அருகே எழுதியிருக்கும் ஃபேஸ் மார்ஜின், உற்பத்தியாளர் தேர்ந்தெடுத்த ஒரு சுமைக்கு மட்டுமே, பெரும்பாலும் சில பத்து அல்லது 100 பிக்கோஃபேரட் அளவிலான சிறிய சுமைக்கு மட்டுமே, பொருந்துவது. நமக்கு வேண்டியது வளைய ஆதாயம்: பெருக்கியின் உள்ளீட்டிலிருந்து புறப்பட்டு, வெளியீட்டு மின்தடையையும் கேபிளையும் பின்னூட்டப் பாதையையும் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே ஒரு சிக்னல் திரும்பி வரும்போது எத்தனை மடங்காகிறது, எத்தனை பாகை பின்தங்குகிறது என்பது. இனி அதை T என்றே குறிப்பிடுவோம்.

T-யின் அளவு சரியாக 1 ஆகும், அதாவது 0 டெசிபெலைக் கடக்கும், அதிர்வெண்ணுக்கு நேராக, பின்தங்கலைக் காட்டும் கட்ட வளைவைப் பார்த்தால், அது −180 பாகைக்கு மேலே எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறதோ அதுவே ஃபேஸ் மார்ஜின். கட்ட வளைவு −180 பாகையைத் தொடும் அதிர்வெண்ணுக்கு நேராக அளவு வளைவைப் பார்த்தால், அது 0 டெசிபெலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அது கெயின் மார்ஜின். இரண்டும் இருவேறு அதிர்வெண்களில் எடுக்கப்படும் அளவுகள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஆலையிலிருந்த பெருக்கியின் விவரம் இது. ஆப்-ஆம்ப்பின் ஆதாயமும் பட்டையகலமும் பெருகிய மதிப்பு 1 மெகாஹெர்ட்ஸ். நேர்மின்னோட்ட ஆதாயம் 100 டெசிபெல் என்பதால் ஆதாயம் சரியத் தொடங்கும் இடமான முதல் துருவம் 10 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடுகிறது. நாம் கவனிக்கும் பகுதியில் அது ஏற்கெனவே முழு 90 பாகையையும் தின்று முடித்திருக்கும். உள்ளே இன்னொரு துருவம் 3 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. வெளியீட்டு மின்தடை 100 ஓம். கேபிளின் மின்தேக்கம் மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் என்ற கணக்கில் 10 நானோஃபேரட். இந்த 100 ஓமும் 10 நானோஃபேரட்டும் சேர்ந்து 159 கிலோஹெர்ட்ஸில் மூன்றாவது துருவத்தை உண்டாக்குகின்றன. பஃபர் என்பதால் வெளியீடு முழுவதும் அப்படியே உள்ளீட்டுக்குத் திரும்புகிறது.

159 கிலோஹெர்ட்ஸ் வரை T-யின் அளவு பத்து மடங்கு அதிர்வெண்ணுக்கு 20 டெசிபெல் என்ற சரிவில் இறங்குகிறது. அதைத் தாண்டியதும் சரிவு 40 டெசிபெலாகிறது. இந்தச் செங்குத்தான சரிவிலேயே அது 381 கிலோஹெர்ட்ஸில் 0 டெசிபெலைக் கடக்கிறது. அந்த இடத்தில் முதல் துருவம் 90 பாகையும், கேபிள் துருவம் 67.4 பாகையும், 3 மெகாஹெர்ட்ஸ் துருவம் 7.2 பாகையும் எடுத்துக்கொள்ள, மொத்தம் −164.6 பாகை. ஃபேஸ் மார்ஜின் 15 பாகைதான். கட்ட வளைவு −180-ஐத் தொடுவது 691 கிலோஹெர்ட்ஸில்; அங்கே T-யின் அளவு 0.316, அதாவது −10 டெசிபெல். கெயின் மார்ஜின் 10 டெசிபெல் என்று இளைஞர் படித்ததில் தவறில்லை.

ஒன்று நிம்மதி தருகிறது, மற்றொன்று எச்சரிக்கிறது

இந்த முரணுக்குக் காரணம் கணக்கிலேயே வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஆதாய-பட்டையகல மதிப்பை fT என்றும், மேலே உள்ள இரு துருவங்களை f1, f2 என்றும் வைத்தால், −180 பாகை விழும் அதிர்வெண் அவ்விரண்டின் பெருக்கற்சராசரி. அந்த இடத்தில் T-யின் அளவு மிக எளிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது:

```
f180 = sqrt(f1 * f2)
|T(f180)| = fT / (f1 + f2)
```

கீழே இருப்பது கூட்டுத்தொகை. அதில் 3000 கிலோஹெர்ட்ஸும் 159 கிலோஹெர்ட்ஸும் இருக்கின்றன. கேபிளின் பங்கு இருபதில் ஒன்றுதான். கேபிள் மூன்று மடங்கு நீண்டு 30 நானோஃபேரட் ஆனால் கேபிள் துருவம் 53 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். கூட்டுத்தொகை 3159-இலிருந்து 3053 ஆகும். கெயின் மார்ஜின் 10 டெசிபெலிலிருந்து 9.7 டெசிபெலுக்கு மட்டுமே குறையும். அதே மாற்றத்தில் ஃபேஸ் மார்ஜின் 15 பாகையிலிருந்து 9 பாகைக்குச் சரிந்துவிடும். இந்தப் பெருக்கியில் கேபிளால் வரும் ஆபத்தைக் கெயின் மார்ஜின் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. மழைநீர் புகுந்து கேபிளின் மின்தேக்கம் கூடினாலும் இதே கதைதான்.

இதைக் கொண்டு கெயின் மார்ஜின் பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. ஆதாயம் மட்டும், கட்டம் மாறாமல், எத்தனை மடங்கு கூடினால் பெருக்கி அலையத் தொடங்கும் என்பதே அந்தக் கேள்வி. 10 டெசிபெல் என்றால் 3.16 மடங்கு. அதே வகையில் வேறொரு ஆப்-ஆம்ப் வைக்கப்பட்டாலும், வெப்பநிலை மாறினாலும், fT அவ்வளவு கூடாது என்பதால் அந்தப் பக்கத்தில் இந்தப் பெருக்கி பத்திரமாகவே இருக்கிறது. ஃபேஸ் மார்ஜின் கேட்பதோ, ஆதாயம் மாறாமல் எவ்வளவு தாமதத்தைத் தாங்கும் என்பது. 381 கிலோஹெர்ட்ஸில் 15 பாகை என்பது சுமார் 0.11 மைக்ரோவினாடி. கேபிளும் சுமையும் ஏற்படுத்தும் மாற்றங்கள் தாமதத்தின் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அங்கே கையிருப்பு மிகக் குறைவு.

ஆகவே இங்கே கண்டது நிரந்தர அலைவு அன்று. பெருக்கி கணக்குப்படி நிலையானதே. ஆனால் தட்டினால் நெடுநேரம் அதிரும். மூடிய வளையத்தின் எதிர்வினை 380 கிலோஹெர்ட்ஸ் அருகே ஏறத்தாழ 3.7 மடங்காக உயர்ந்து நிற்கிறது. மோட்டார் தொடக்கத்தில் கேபிள் பிடித்துக்கொண்டு வரும் இரைச்சலில் அந்த அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியெல்லாம் அங்கே ஊதிப் பெருக்கப்படுகிறது. உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் அதில் ஒரு பகுதியை நேர்மின்னழுத்தமாக மாற்றிவிடுவதால் எடையின் எண் நகர்கிறது.

வேகமான ஆப்-ஆம்ப்பைப் போட்டுவிடலாம் என்பது இத்தகைய இடங்களில் முதலில் தோன்றும் யோசனை. பட்டையகலம் 10 மெகாஹெர்ட்ஸும், உள் துருவம் 30 மெகாஹெர்ட்ஸும், வெளியீட்டு மின்தடை அதே 100 ஓமும் உள்ள ஒன்றைப் போட்டுக் கணக்கிட்டால், கடக்கும் அதிர்வெண் 1.25 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. கேபிள் துருவமோ 159 கிலோஹெர்ட்ஸிலேயே கிடக்கிறது. விளைவு, ஃபேஸ் மார்ஜின் 5 பாகைக்கும் கீழே போய்விடுகிறது. கெயின் மார்ஜின் இப்போதும் 9.6 டெசிபெல் என்றே காட்டும். கெயின் மார்ஜினை மட்டும் பார்ப்பவர் இரண்டு பெருக்கிகளும் ஒன்றே என்று சொல்லிவிடுவார்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு மின்தடையை வைத்து, பின்னூட்டத்தை அந்த மின்தடைக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்வது. 100 ஓம் வைப்பதாகக் கொள்வோம். இப்போது கேபிள் துருவம் 80 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஆனால் புதிய மின்தடையும் கேபிளும் சேர்ந்து 159 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழியைத் தருகின்றன. துருவம் எடுத்துக்கொண்ட கட்டத்தைச் சுழி பெருமளவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. T 0 டெசிபெலைக் கடப்பது 511 கிலோஹெர்ட்ஸில். அங்கே கட்டம் −108 பாகை. ஃபேஸ் மார்ஜின் 72 பாகை. சரிவும் 20 டெசிபெல் என்ற மென்மைக்குத் திரும்பிவிடுகிறது என்பதை வரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த வழியின் பெரிய பலம், கேபிள் நீண்டாலும் அது கெடுவதில்லை. 30 நானோஃபேரட்டில் ஃபேஸ் மார்ஜின் 77 பாகைக்கு ஏறுகிறது, ஏனெனில் துருவமும் சுழியும் இன்னும் கீழே போய், கடக்கும் இடத்துக்குள் தங்கள் கணக்கை ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொண்டுவிடுகின்றன. கேபிளே சுருங்கி 1 நானோஃபேரட் ஆனாலும் 57 பாகை மிஞ்சுகிறது. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடையை நாம் துல்லியமாக அறிவது அரிது. அது 100-க்குப் பதில் 300 ஓமாக இருந்துவிட்டாலும் 63 பாகை கிடைக்கிறது. அதே 300 ஓம், மின்தடை வைக்காத பழைய சுற்றில் 9 பாகையையே விட்டுவைத்திருக்கும்.

கெயின் மார்ஜினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நாம் எழுதிய மாதிரியில், இந்த வழியின் கட்ட வளைவு −180 பாகையை எந்த அதிர்வெண்ணிலும் தொடுவதில்லை. கணினி “எல்லையற்றது” என்று அச்சிடும். அதை நம்பக் கூடாது. மாதிரியில் நாம் எழுதாமல் விட்ட உயர் துருவங்கள் உண்மையான சில்லில் இருக்கவே செய்கின்றன. எடுத்துக்காட்டாக 10 மெகாஹெர்ட்ஸில் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன அதே சூத்திரத்தில் fT பாதியாகக் குறைந்து, 0.5-ஐ 13-ஆல் வகுக்க, சுமார் 28 டெசிபெல் கிடைக்கிறது. அதுவும் தாராளமான அளவே. எனினும் எல்லையற்றது என்ற சொல்லை அறிக்கையில் எழுதுவதைவிட, மாதிரி எந்த அதிர்வெண் வரை செல்லுபடியாகும் என்பதை எழுதுவதே நேர்மை.

இவ்வழியின் குறை நிலைத்தன்மையில் இல்லை, துல்லியத்தில் இருக்கிறது. பின்னூட்டம் மின்தடைக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால், அதன் குறுக்கே விழும் மின்னழுத்தத்தைப் பெருக்கி திருத்துவதில்லை. இண்டிகேட்டரின் உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓம் என்றால் இழப்பு 0.01 சதவீதம், 60 டன் மேடையில் அது 6 கிலோ. 10 கிலோப் பிரிவில் காட்டும் மேடையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அளவீட்டுத் திருத்தத்திலும் அது மறைந்துவிடும். ஆனால் உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் மட்டுமே உள்ள இண்டிகேட்டரை யாராவது மாற்றி வைத்தால் இழப்பு 1 சதவீதம், அதாவது 600 கிலோ. முத்திரையிட்ட மேடையில் அப்படி ஒன்று நடப்பது சட்டச் சிக்கலும் ஆகும்.

இரண்டாவது வழி, வளைய ஆதாயத்தையே தாழ்த்துவது. பஃபரின் பின்னூட்டப் பாதையில் 10 கிலோஓம் வைத்து, ஆப்-ஆம்ப்பின் இரு உள்ளீடுகளுக்கும் நடுவே 1.1 கிலோஓமும் 22 நானோஃபேரட்டும் தொடராக இணைக்கப்படுகின்றன. சிக்னலுக்கான ஆதாயம் 1-ஆகவே இருக்கிறது; ஆனால் உயர் அதிர்வெண்களில் பின்னூட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடுவதால் T-யின் அளவு வளைவு மொத்தமாக 20 டெசிபெல் கீழே இறங்குகிறது. கட்ட வளைவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கெயின் மார்ஜின் 10-இலிருந்து அப்படியே 30 டெசிபெலாக ஏறுகிறது. கடக்கும் இடம் 87 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடுவதால் கேபிள் துருவம் அங்கே 29 பாகையை மட்டுமே தின்னுகிறது. இணைத்த மின்தேக்கி நான்கு பாகையை எடுத்துக்கொண்டபின் ஃபேஸ் மார்ஜின் 56 பாகை.

கெயின் மார்ஜினை வைத்து மட்டும் தேர்ந்தெடுத்தால் இந்த வழியே முதலிடம் பெறும். அங்கேதான் தேர்வு தவறிப் போகும். 30 நானோஃபேரட் கேபிளில் கெயின் மார்ஜின் இன்னமும் 30-ஐ ஒட்டியே இருக்க, ஃபேஸ் மார்ஜின் 33 பாகைக்கு விழுந்துவிடுகிறது. கேபிள் துருவம் கீழே நகரும்போது அதை எதிர்கொள்ள இந்த வழியில் எந்தச் சுழியும் இல்லை. தாழ்த்தப்பட்ட ஆதாயம் கொடுத்த இடைவெளி மட்டுமே இருக்கிறது. அது தீர்ந்ததும் பழைய நிலை திரும்பும். இதோடு, ஆப்-ஆம்ப்பின் சொந்த இரைச்சல் சில கிலோஹெர்ட்ஸிலிருந்து கடக்கும் அதிர்வெண் வரை பத்து மடங்காகிறது. எடைக் கருவியின் மெதுவான வடிகட்டி அதை நீக்கிவிடும் என்பதால் இந்த ஆலைக்கு அது பெரிய தடையில்லை. ஒலிப் பெருக்கி போன்ற வேலைக்கு நிச்சயமாகத் தடைதான். கேபிள் நீளம் மாறாது என்ற உறுதி இருந்து, வெளியீட்டில் மின்தடை வைக்கவே முடியாத சுற்றாகவும் இருந்தால், இந்த வழி நல்லது.

மூன்றாவது வழி முதல் வழியின் குறையைத் தீர்க்கப் பிறந்தது. அதே 100 ஓமை வெளியீட்டில் வைத்து, நேர்மின்னோட்டப் பின்னூட்டத்தைக் கேபிளின் பக்கத்திலிருந்து 10 கிலோஓம் வழியே எடுத்துக்கொள்கிறார்கள். உயர் அதிர்வெண் பின்னூட்டம் மட்டும் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக் காலிலிருந்து ஒரு சிறு மின்தேக்கி வழியே நேராகத் திரும்புகிறது. எடைக்குரிய மெதுவான சிக்னலைப் பொறுத்தவரை 100 ஓம் வளையத்துக்குள் இருப்பதால் அதன் இழப்பு திருத்தப்பட்டுவிடுகிறது. 0 டெசிபெல் கடக்கும் இடத்தில் மின்தேக்கிப் பாதையே ஆள்வதால், T முதல் வழியின் T போலவே தோன்றுகிறது: ஃபேஸ் மார்ஜின் 72 பாகையை ஒட்டி.

மார்ஜின்கள் சொல்லாத ஒன்று

மூன்றாவது வழியில் ஒரு நுணுக்கம் உண்டு. இதை விளக்காமல் அந்த வழியைப் பரிந்துரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. T-யில் பார்த்த 72 பாகை, ஆப்-ஆம்ப்பின் காலில் வெளியீடு அமைதியாக இருக்கும் என்று மட்டுமே உறுதியளிக்கிறது. கேபிளின் முனையில் தெரியும் மின்னழுத்தம் வேறொன்று. பின்னூட்ட வலையமைப்பில் இரு பாதைகள் சேரும் இடத்தில் ஒரு சுழி இணை உருவாகிறது. வளைய ஆதாயம் பெரிதாக இருக்கும் பகுதியில் அந்தச் சுழிகளே மூடிய வளையத்தின் துருவங்களாகி, கேபிள் முனையின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. அவற்றின் தணிப்பு எண், பின்னூட்ட மின்தடையும் மின்தேக்கியும் பெருகிய நேரத்தையும், 100 ஓமும் கேபிளும் பெருகிய நேரத்தையும் ஒப்பிடும் விகிதத்தின் வர்க்கமூலத்தில் பாதி.

அந்த விகிதம் 4 இருந்தால் தணிப்பு எண் 1. அதற்குக் கீழே போகப் போக, ஃபேஸ் மார்ஜின் அழகாக இருந்தும் கேபிள் முனையில் அதிர்வு தலைகாட்டும். 10 நானோஃபேரட் கேபிளுக்கு 100 ஓமின் நேரம் 1 மைக்ரோவினாடி. 30 நானோஃபேரட்டுக்கு 3 மைக்ரோவினாடி. மின்தேக்கி 2.2 நானோஃபேரட் என்றால் பின்னூட்ட நேரம் 22 மைக்ரோவினாடி. நீண்ட கேபிளிலும் விகிதம் 7-க்குமேல் இருக்கிறது. மின்தேக்கியை 220 பிக்கோஃபேரட்டாகக் குறைத்தால் நீண்ட கேபிளில் விகிதம் 1-க்கும் கீழே போய்விடும். வரைபடத்தின் மார்ஜின் இதைச் சொல்லாது. பெரிய மின்தேக்கியின் விலை, எண் நிலைகொள்ள எடுக்கும் சில பத்து மைக்ரோவினாடி வால் மட்டுமே. லாரி நின்று எடை அடங்க நொடிக்கணக்கில் ஆகும் இடத்தில் அது ஒரு பொருட்டன்று. 10 கிலோஓம் வழியே பாயும் உள்ளீட்டு மின்னோட்டமும் கவனத்துக்குரியது: 50 நானோஆம்பியர் என்றால் அரை மில்லிவோல்ட், அதாவது 5 வோல்ட்டில் 0.01 சதவீதம். பூஜ்யம் சரிசெய்யும்போது அது கழிந்துவிடும். வெப்பத்தோடு அது நகர்வதே தொல்லை. எனவே உள்ளீட்டில் ஃபெட் கொண்ட ஆப்-ஆம்ப் இங்கே பொருத்தம்.

அளக்கும்போது

கணக்கில் வந்த மார்ஜின்களைச் சுற்றிலேயே சரிபார்க்க வேண்டும், ஏனெனில் வெளியீட்டு மின்தடை அதிர்வெண்ணோடும் சுமை மின்னோட்டத்தோடும் மாறும். பின்னூட்டப் பாதையில் 22 ஓம் போன்ற ஒரு சிறு மின்தடையைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே மின்மாற்றி வழியாகச் சிறு சிக்னலைச் செலுத்தி, அதன் இரு முனைகளின் மின்னழுத்த விகிதத்தை அதிர்வெண் வாரியாகப் பதிவு செய்வதே நடைமுறை. மூன்றாவது வழியில் அந்த மின்தடையை இரு பாதைகளும் சேர்ந்த பிறகு, உள்ளீட்டுக் காலுக்கு முன்னால், வைக்க வேண்டும். ஒரு பாதையில் மட்டும் வைத்தால் மற்றப் பாதை வளையத்தை மூடியே வைத்திருக்கும், கிடைக்கும் எண் பொருளற்றது.

இப்படி அளக்கும்போது எதிர்க் குறி கணக்கில் சேர்ந்துவிடுவதால், கட்ட வளைவு −90-க்குப் பதிலாக +90 பாகையில் தொடங்கிப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அந்த வரைபடத்தில் 0 டெசிபெல் கடக்கும் இடத்தில் தெரியும் பாகையே ஃபேஸ் மார்ஜின். கெயின் மார்ஜினைப் பூஜ்யப் பாகையில் படிக்க வேண்டும். பழக்கத்தில் −180-ஐத் தேடுபவர் பல மெகாஹெர்ட்ஸ் தாண்டி இரைச்சலுக்குள் எங்கேயோ ஒரு கடத்தலைக் கண்டு, மிகப் பெரிய கெயின் மார்ஜின் என்று எழுதிவிடுவார். செலுத்தும் சிக்னலும் சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஆப்-ஆம்ப்பின் ஸ்லூ வேகம் குறுக்கிட்டால் கடக்கும் இடம் பொய்யாகக் கீழே நகர்ந்து தெரியும்.

ஆய்வுக் கருவி இல்லாதவர் சதுர அலையைக் கொண்டும் பார்க்கலாம். பஃபரின் உள்ளீட்டில் 50 மில்லிவோல்ட் படி ஒன்றைக் கொடுத்து ஆஸிலோஸ்கோப்பில் வெளியீட்டைப் பார்த்தால், பழைய சுற்று 60 சதவீதத்துக்கும் மேலாக மீறிச் சென்று, 380 கிலோஹெர்ட்ஸ் அளவில் பல சுற்று அதிர்ந்து அடங்கும். 72 பாகை உள்ள சுற்றில் ஆப்-ஆம்ப்பின் காலில் மீறல் ஏறத்தாழ இராது. மூன்றாவது வழியில் கேபிள் முனையையும் தனியாகப் பார்க்க வேண்டும். படியைக் கேபிள் இணைத்த நிலையிலேயே கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எல்லாச் சுற்றும் நல்ல சுற்றாகத்தான் தெரியும்.

எதை எடுப்பது

இந்த ஆலைக்கு மூன்றாவது வழியையே நான் தேர்ந்தெடுத்தேன்: 100 ஓம், 10 கிலோஓம், 2.2 நானோஃபேரட். அதற்கான காரணம் 72 பாகை என்ற எண்ணைவிட, அந்த எண் எதற்கெல்லாம் அசையாமல் நிற்கிறது என்பதுதான். எழுத்தர் அறையைச் சாலையோரத்துக்கு மாற்றும் பேச்சு அங்கே இருக்கிறது. அப்படி நடந்தால் கேபிள் இரு மடங்குக்கு மேல் நீளும். முதல் வழியும் அதைத் தாங்கும். ஆனால் இண்டிகேட்டர் பழுதாகி வேறு ஒன்று வரும் நாளில் எடையே மாறிவிடும் வாய்ப்பை அது திறந்து வைக்கிறது. இரண்டாவது வழி 30 டெசிபெல் கெயின் மார்ஜினோடு வந்தாலும், நீண்ட கேபிளில் 33 பாகைக்குள் சுருங்குவதால் விலக்கப்பட்டது.

வேறு இடத்தில் முடிவு வேறாகலாம். கேபிளுக்குப் பதிலாக ஒத்ததிர்வுள்ள சுமையோ, பின்னால் இன்னொரு திறன் பெருக்கியோ இருந்தால், 0 டெசிபெலைக் கடந்த பிறகு அளவு வளைவு மீண்டும் மேலே எழும்பி ஒரு முகடு காட்டும். அங்கே ஃபேஸ் மார்ஜின் 60 பாகை என்று தெரிந்தாலும், முகட்டின் உச்சி −180 பாகைக்கு அருகே 0 டெசிபெலை நெருங்கியிருக்கக்கூடும். அந்தப் பெருக்கியில் கெயின் மார்ஜினே முதலில் படிக்க வேண்டிய எண். 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் வகுத்த முறையில் T-யைக் கலப்பெண் தளத்தில் ஒரே வளைவாக வரைந்து, −1 என்ற புள்ளிக்கு அது எவ்வளவு அருகே வருகிறது என்று அளந்தால், இரண்டு மார்ஜின்களுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் நெருக்கமும் அகப்பட்டுவிடும். ஆலையின் பழைய சுற்றில் அந்தத் தூரம் 0.27-க்கும் குறைவாக இருந்தது. முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் அது 0.8-க்கு மேல்.